நன்றியுரையில் யார் பெயர் முதலில் வரும்?

கருத்தரங்கின் நிறைவு விழாவில் நன்றியுரைக்கு முறை வரும்போது மணி நாலரை ஆகியிருக்கும். சான்றிதழ் கொடுத்து முடித்திருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிறப்பு விருந்தினருக்கு ரயில் நேரம் நெருங்கியிருக்கும். அப்போது மைக் முன்னால் போய் நிற்பவருக்குக் கிடைப்பது நாலு நிமிடம், மிஞ்சிப்போனால் ஐந்து. அந்த நேரத்துக்குள் ஒரு நாள் வந்து உழைத்தவர்களையும், மூன்று மாதமாக உழைத்தவர்களையும் யாரும் விட்டுப்போகாமல் சொல்லியாக வேண்டும்.

தமிழ்த்துறையில் பாடம் எடுப்பவள் என்பதால் இந்த வேலை அடிக்கடி என் பங்குக்கு வருகிறது. துறையில் புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கும் முதல் மேடை பெரும்பாலும் இதுதான். அவர்கள் என்னிடம் வந்து கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "யாரை முதல்ல சொல்லணும் மேடம்?" அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். வரிசை சரியாக அமைந்துவிட்டால் நன்றியுரையின் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

பேசுவதற்கு வசதியாக ஒரு கருத்தரங்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கலை அறிவியல் கல்லூரியின் தமிழ்த்துறை நடத்தும் ஒருநாள் தேசியக் கருத்தரங்கம். பொருள், தமிழர் நீர் மேலாண்மை. காலையில் தொடக்க விழா. பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் சிறப்புரை ஆற்றுகிறார், ஆய்வுக்கோவை வெளியிடப்படுகிறது. அப்புறம் மூன்று அமர்வுகள், மூன்று அமர்வுத் தலைவர்கள், நாற்பது கட்டுரைகள். மாலையில் கல்வெட்டியல் பேராசிரியர் ஒருவர் நிறைவுரை சொல்கிறார். கல்லூரிச் செயலர் மேடையில் இருக்கிறார், முதல்வர் தலைமை தாங்குகிறார். செலவில் ஒரு பகுதிக்கு ஓர் ஆய்வு நிறுவனம் நல்கை கொடுத்திருக்கிறது, மதிய உணவை உள்ளூர் வணிகர் ஒருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். நம் கல்லூரிகளில் பெரும்பாலான கருத்தரங்குகள் ஏறத்தாழ இந்த அமைப்பில்தான் இருக்கின்றன.

இப்போது வரிசை. புதியவர்கள் எழுதிக்கொண்டு வரும் முதல் வரைவில் அநேகமாகப் பதவி வரிசைதான் இருக்கும். கல்லூரித் தலைவர், செயலர், பொருளாளர், முதல்வர், துணை முதல்வர், துறைத்தலைவர், அதற்குப் பிறகு விருந்தினர்கள், கடைசியில் "மற்றும் உதவிய அனைவருக்கும்". இதில் பிழை எதுவும் இல்லை, பல கல்லூரிகளில் இதுவே வழக்கம். ஆனால் அவையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். முதல் ஒன்றரை நிமிடம் முழுக்க அந்தக் கல்லூரிக்காரர்கள் தங்கள் கல்லூரிக்காரர்களுக்கே நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்கள். அழைத்ததற்காக முந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவர் தன் பெயர் வரும் வரை காத்திருப்பார். வீட்டு விசேஷத்தில் வந்த விருந்தினரைக் கவனித்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் பந்தியில் உட்காருவார்கள். நன்றியுரைக்கும் அந்த முறைதான் பொருந்தும் என்பது என் கட்சி. வெளியிலிருந்து வந்தவர்கள் முதலில், வீட்டுக்காரர்கள் பிறகு.

"அப்படியானால் செயலர் மேடையிலேயே இருக்கிறாரே, அவரைப் பின்னால் தள்ளலாமா?" என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நன்றியுரையின் முதல் வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. உரையின் தொடக்கத்தில் மேடையை விளிக்கிறோம் அல்லவா, "மேடையில் வீற்றிருக்கும் செயலர் அவர்களே, முதல்வர் அவர்களே, நிறைவுரையாற்றிய பேராசிரியர் அவர்களே" என்று? பதவி வரிசைக்கு உரிய இடம் அதுதான். அமைச்சரோ மாவட்ட ஆட்சியரோ துணைவேந்தரோ வந்திருந்தால் அவர்களுக்குரிய முறைமையும் அந்த ஒரு வாக்கியத்தில் நிறைவேறிவிடும். விளிப்பில் பதவி வரிசை, நன்றியில் பங்களிப்பு வரிசை. இரண்டையும் பிரித்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. இருந்தாலும், நிர்வாகத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது உங்கள் கல்லூரியில் நெடுநாள் வழக்கமாக இருந்தால், முந்தின நாளே முதல்வரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மேடையில் நின்றுகொண்டு வழக்கத்தை மாற்றக் கூடாது.

சரி, வெளியிலிருந்து வந்தவர்களுக்குள் யார் முன்னால்? நம் கருத்தரங்கில் காலையில் பேசிய பொறியாளர், மூன்று அமர்வுத் தலைவர்கள், மாலையில் பேசிய பேராசிரியர், நாற்பது கட்டுரையாளர்கள் இருக்கிறார்கள். நான் நிறைவுரையாளரிடமிருந்து தொடங்குவேன். அவர் பேசி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. அவர் சொன்னது எல்லாருடைய காதிலும் இருக்கிறது, அவரும் எதிரில் இருக்கிறார். அப்புறம் காலைக்குத் திரும்பிப் போய், அந்த நாளை மறுபடி நடந்துவருவதுபோல் வரிசையாக வருவேன்: சிறப்புரை, முதல் அமர்வு, இரண்டாம் அமர்வு, மூன்றாம் அமர்வு. அமர்வுத் தலைவர்களில் ஒருவர் பேராசிரியராகவும் இன்னொருவர் உதவிப் பேராசிரியராகவும் இருக்கலாம். அதைப் பார்க்கத் தேவையில்லை. நிகழ்ச்சி நிரலில் எந்த வரிசையில் அமர்வு நடந்ததோ அந்த வரிசை போதும். "ஏன் அவரை முதலில் சொன்னீர்கள்" என்று யாரும் கேட்க முடியாத வரிசை அது.

காலைப் பொறியாளர் மதியமே கிளம்பிப் போயிருப்பார். போய்விட்டவருக்கு நன்றி வேண்டாம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். தொடக்க விழாவிலேயே தனியாக ஒரு நன்றியுரை இருந்து, அதில் அவருக்குச் சொல்லியிருந்தாலும், மாலையில் ஒரு வாக்கியமாவது வேண்டும். அவர் பேசியதை வைத்துத்தான் பிற்பகல் அமர்வுகளில் கேள்விகள் வந்திருக்கும். காலை நன்றியுரை என்பது அந்த மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும், இரண்டு நிமிடத்துக்குள். அதில் ஒலிபெருக்கி, சாப்பாடு, மாணவர்கள் என்று போகக் கூடாது. அந்த வேலைகள் அப்போதுதான் தொடங்கியிருக்கும். மாலை நன்றியுரைதான் முழுக் கணக்கு.

விருந்தினர்களுக்குப் பிறகு கட்டுரையாளர்கள். நாற்பது பெயரையும் சொல்ல முடியாது. இங்கேதான் நன்றியுரையில் மிக அதிகமாக மனவருத்தம் உண்டாகும் இடம் இருக்கிறது. பெயர் சொல்வதா, தொகுத்துச் சொல்வதா என்ற முடிவு.

நான் கைக்கொள்ளும் விதி இது: ஒரு தரப்பில் ஒருவர் பெயரைச் சொன்னால் அந்தத் தரப்பில் எல்லார் பெயரையும் சொல்ல வேண்டும், முடியாது என்றால் ஒருவர் பெயரையும் சொல்லக் கூடாது. கட்டுரையாளர்களில் நன்கு அறியப்பட்ட இருவரை மட்டும் பெயர் சொல்லி, "மற்றும் பலர்" என்று முடித்தால், மீதி முப்பத்தெட்டுப் பேரும் அந்த "பலர்" ஆகிவிடுகிறார்கள். அவர்களில் முதல் கட்டுரை வாசித்த முனைவர் பட்ட ஆய்வாளரும் இருப்பார். அவருக்கு அந்த மாலை நெடுநாள் நினைவிருக்கும். ஆகவே பெயருக்குப் பதிலாக ஒரு விவரம் சொல்லலாம். எந்தெந்த மாநிலத்திலிருந்து, எந்தெந்த ஊர்களிலிருந்து வந்தார்கள் என்று சொல்லலாம். எந்தெந்தப் பொருளில் கட்டுரைகள் வந்தன என்று சொல்லலாம். "புறநானூற்றுப் பாடல்களில் தொடங்கி, கல்வெட்டுகளில் வரும் ஏரி வாரியம் வரை, இன்றைய கண்மாய்ப் பாசனம் வரை நாற்பது கட்டுரைகள்" என்று ஒரு வாக்கியம் சொன்னால், ஏரி வாரியத்தைப் பற்றி எழுதியவர் நிமிர்ந்து உட்காருவார். பெயர் சொல்லாமலே அவரைச் சொன்னதாகிவிடும்.

இதே விதி துறை ஆசிரியர்களுக்கும் பொருந்தும். துறையில் எட்டுப் பேர் என்றால் எட்டுப் பெயரையும் சொல்லிவிடலாம், அரை நிமிடம்தான். இருபது பேர் என்றால் குழுவாகச் சொல்வது நல்லது: பதிவுக் குழு, கட்டுரைத் தேர்வுக் குழு, உணவுக் குழு, தங்குமிடக் குழு. குழுவைச் சொன்னால் செய்த வேலையும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஒருங்கிணைப்பாளர் பெயரை மட்டும் தனியாகச் சொல்லலாம், ஏனென்றால் அந்தத் தரப்பில் அவர் ஒருவர்தான்.

வெளியாரில் இன்னும் ஒரு தரப்பு மிச்சம் இருக்கிறது, பணம் கொடுத்தவர்கள். நல்கை தந்த நிறுவனத்தின் பெயரை அவர்கள் அனுப்பிய ஒப்புதல் கடிதத்தில் உள்ளபடியே சொல்ல வேண்டும். "மத்திய", "நடுவண்", "ஆய்வு", "ஆராய்ச்சி" என்று நம் வசதிக்கு மாற்றக் கூடாது. கருத்தரங்க அறிக்கை பிறகு அவர்களுக்குப் போகும்போது அழைப்பிதழ், பதாகை, உரை எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். தனியார் கொடை என்றால், பெயர் சொல்லலாமா என்று கொடுத்தவரிடமே கேட்டுக்கொள்வது அவசியம். "சாப்பாடு போட்டதை மேடையில சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொள்ளும் மனிதர்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. அப்போது "இன்றைய மதிய உணவை மனமுவந்து வழங்கிய நல்லுள்ளத்துக்கு" என்றால் போதும். தொகையை எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக் கூடாது. ஒருவர் ஐம்பதாயிரமும் ஒருவர் ஐயாயிரமும் கொடுத்திருந்தால், இருவரையும் அடுத்தடுத்து உட்காரவைத்துக்கொண்டு அதை வாசிப்பது சிறியதாகக் கொடுத்தவரைக் குறுக வைக்கும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் வீட்டுக்காரர்கள். செயலர், முதல்வர், துறைத்தலைவர், ஒருங்கிணைப்பாளர், ஆசிரியர்கள். இங்கே மட்டும் பதவி வரிசை இயல்பாகவே பொருந்துகிறது, அனுமதியும் அந்த வரிசையில்தான் வந்திருக்கும். நிர்வாகம் இசைவு தந்தது, முதல்வர் நாளும் அரங்கமும் ஒதுக்கினார், துறைத்தலைவர் திட்டமிட்டார், ஒருங்கிணைப்பாளர் நடத்தினார். வேலை மேலிருந்து கீழே வந்த வழியிலேயே நன்றியும் வருகிறது. இந்தப் பகுதியை நான் நீட்டுவதில்லை. இவர்களைப் பற்றி வரவேற்புரையிலேயே நிறையச் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம் வருவது கண்ணுக்குத் தெரியாத வேலை. நன்றியுரையில் பெரும்பாலும் "மற்றும்" என்ற ஒரு சொல்லுக்குள் போய்விடுகிறவர்கள். எனக்கு இந்தப் பகுதி மேல் தனி அக்கறை உண்டு. மேடையில் இருந்தவர்களுக்கு மாலை, சால்வை, நினைவுப் பரிசு என்று ஏற்கனவே மரியாதை நடந்துவிட்டது. இவர்களுக்கு அந்த நாளில் கிடைக்கும் ஒரே பொது மரியாதை இந்த நன்றியுரையில் வரும் ஒரு வாக்கியம்தான். ஒலி அமைப்புக்காரர் காலை ஏழரைக்கே வந்து வயர் இழுத்துக்கொண்டிருந்திருப்பார். இரண்டாம் அமர்வில் மின்சாரம் போனபோது ஜெனரேட்டரை ஓட்டியவர் ஒருவர். தண்ணீர்க் கேனை மாடிக்குச் சுமந்தவர், கழிவறையை இடைவேளைக்கு இடைவேளை கழுவி வைத்தவர், ரயில் நிலையத்துக்கும் கல்லூரிக்கும் காலையிலிருந்து வண்டி ஓட்டியவர். இவர்கள் மூன்று நாலு பேர்தான் என்றால் பெயரைச் சொல்லுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் மதிய இடைவேளையில் போய்க் கேளுங்கள். "அண்ணே, உங்க பேரு என்ன, சாயங்காலம் சொல்லணும்" என்று கேட்டால் போதும். கூச்சப்பட்டு "அதெல்லாம் எதுக்கு மேடம்" என்பார்கள். சொன்னபின் அரங்கத்தின் பின்வாசலைத் திரும்பிப் பார்த்தால் தெரியும், அங்கே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஆய்வுக்கோவையை அச்சிட்ட அச்சகத்தாரும் இந்த இடத்தில்தான் வருகிறார். கட்டுரைகள் கடைசி நாள் வரை வந்துகொண்டிருக்கும். எழுத்துரு மாறிப்போயிருக்கும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மென்பொருளில் தட்டச்சு செய்து அனுப்பியிருப்பார்கள். அதையெல்லாம் ஒருங்குறிக்கு மாற்றி, பக்கம் கட்டி, வெளியீட்டுக்கு முந்தின இரவு புத்தகத்தைக் கொண்டுவந்து சேர்த்திருப்பார். அது இல்லாமல் காலை வெளியீடே நடந்திருக்காது.

மாணவர்களைப் பணியாளர்களுக்குப் பிறகு, அவைக்கு முன் வைப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோ துறை மாணவர்களோ, பதிவு மேசையிலும் பந்தியிலும் அரங்க வாசலிலும் நின்றவர்கள். அவர்களின் தோழர்கள் அவையில் இருப்பதால் இந்த இடத்தில் கைதட்டல் தானாக எழும். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் அவைக்கு நன்றி சொல்லி முடித்துவிடலாம். காலை முதல் மாலை வரை உட்கார்ந்து கேட்டவர்களுக்கு, கேள்வி கேட்டவர்களுக்கு என்று ஒரு வாக்கியம் போதும்.

வரிசை இதுதான். ஆனால் வரிசை மட்டும் சரியாக இருந்து, ஒவ்வொருவருக்கும் "எனது மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால் அது வருகைப்பதிவேடு வாசிப்பதாகிவிடும். ஒவ்வொருவரும் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒன்றே ஒன்று, அந்த நாளில் நடந்தது, அவையில் இருந்தவர்கள் பார்த்தது அல்லது கேட்டது. அதை முதல் நாள் இரவே எழுதிவைக்க முடியாது. நன்றியுரை சொல்பவர் நாள் முழுக்க அரங்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாக வேண்டும். நன்றியுரை சொல்பவருக்கு அன்றைக்கு உணவுக் குழுப் பொறுப்பையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று நான் ஒருங்கிணைப்பாளர்களிடம் வாதாடுவது இதனால்தான்.

நம் கருத்தரங்குக்கு எழுதிப் பார்ப்போம். பெயர்களுக்குப் பதிலாகப் பொறுப்பைப் போட்டிருக்கிறேன்.

"செயலர் அவர்களே, முதல்வர் அவர்களே, பேராசிரியர் அவர்களே, அவையோரே, வணக்கம். நிறைவுரை ஆற்றிய கல்வெட்டியல் பேராசிரியர் அவர்களுக்கு நன்றி. உத்தரமேரூர்க் கல்வெட்டில் வரும் ஏரி வாரியத்தை வரி வரியாக வாசித்துக் காட்டினீர்கள். ஒரு ஊர் தன் ஏரியைத் தானே பார்த்துக்கொண்டது எப்படி என்பதை எங்கள் மாணவர்கள் கல்வெட்டின் சொற்களிலேயே இன்று கேட்டார்கள்.

"காலையில் சிறப்புரை தந்த பொறியாளர் ஐயா இப்போது பயணத்தில் இருக்கிறார். குமிழித் தூம்பில் நீரோடித் துளைக்குக் கீழே சேறோடித் துளை எதற்கு என்று அவர் கரும்பலகையில் வரைந்து விளக்கியபோது, பிற்பகல் முழுவதும் பேசப்போகும் பொருள் எங்களுக்குக் கிடைத்துவிட்டது. ஐயாவுக்கு நன்றி. முதல் அமர்வுத் தலைவர், இரண்டாம் அமர்வுத் தலைவர், மூன்றாம் அமர்வுத் தலைவர் மூவருக்கும் நன்றி. நேரம் குறைவாக இருந்தும் எந்தக் கட்டுரையையும் பாதியில் நிறுத்தாமல், கேள்விகளுக்கும் இடம் கொடுத்தீர்கள்.

"நாற்பது கட்டுரையாளர்களுக்கும் நன்றி. புறநானூற்றில் தொடங்கிக் கண்மாய்ப் பாசனம் வரை வந்திருக்கிறோம். நல்கை வழங்கிய ஆய்வு நிறுவனத்துக்கும், மதிய உணவு வழங்கிய நல்லுள்ளத்துக்கும் நன்றி."

இப்படியே போகும். ஒரு நுட்பத்தை மட்டும் இதில் கவனியுங்கள். பெயர் முதலில் வருகிறது, செய்த காரியம் அடுத்த வாக்கியத்தில் வருகிறது. நாம் எழுதிப் பழகிய நடையில், "காலையில் இங்கு வருகை தந்து, தொடக்க விழாவில் கலந்துகொண்டு, பழந்தமிழர் நீர்ப்பாசனம் குறித்து ஆழமான சிறப்புரையாற்றி, எங்களையெல்லாம் சிந்திக்கவைத்த" என்று நான்கு எச்சங்களைத் தொடுத்துக் கடைசியில்தான் பெயர் வரும். படிக்கும்போது அது உறுத்தாது. காதால் கேட்பவர் யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியாமலே பாதி வாக்கியத்தைக் கேட்கிறார், கைதட்டலும் தாமதமாகிறது. பெயரை முன்னால் சொல்லிவிட்டால் பிறகு வரும் விவரம் முழுதும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கப்படும்.

இன்னொன்றையும் இந்த வரைவில் பாருங்கள். பொறியாளருக்கு "முனைவர்" என்று போடவில்லை. தமிழ் மேடையில் எல்லாரையும் முனைவர் ஆக்கிவிடும் பழக்கம் உண்டு. பட்டம் பெற்றவருக்கு அது விட்டுப்போனால் வருத்தம், பெறாதவருக்கு அது வந்தால் சங்கடம். பட்டம், முன்னெழுத்து, ஊர், தற்போதைய பொறுப்பு நான்கையும் விருந்தினரிடமே அல்லது அவர் எழுதிய நூலின் அட்டையில் சரிபார்க்க வேண்டும். முன்னெழுத்தை அவர் தமிழில் போடுகிறாரா, ஆங்கில ஒலிப்பில் போடுகிறாரா என்பதும் முக்கியம். அழைப்பிதழை மட்டும் நம்பக் கூடாது, அதிலேயே பிழை இருக்கலாம். பெயரின் ஒலிப்பில் ஐயம் இருந்தால் தேநீர் இடைவேளையில் அவரிடமே ஒருமுறை சொல்லிக் காட்டிக் கேட்டுவிடலாம். வேற்று மாநிலத்திலிருந்து வந்தவர்கள் பெயரில் இது கட்டாயம். தமிழில் ஒரே எழுத்து பல ஒலிகளுக்கு நிற்பதால், தாளில் எழுதியதை அப்படியே வாசித்தால் வேறு பெயராகிவிடும்.

தாளைப் பற்றிச் சொல்கிறேன். முழு உரையையும் எழுதி வாசிப்பவர்கள் உண்டு, பெயர் மட்டும் எழுதிக்கொள்பவர்கள் உண்டு. நான் எழுதிக்கொள்வது தரப்புகளை. ஒரு முழுத்தாளை நீளவாக்கில் மடித்து, இடப்பக்கம் பெயரும் பொறுப்பும் பெரிய எழுத்தில், வலப்பக்கம் காலியாக. இடப்பக்கம் முந்தின நாளே எழுதிவிடலாம். வலப்பக்கம் அன்றைக்கு நடக்க நடக்க ஒரு சொல், இரண்டு சொல்லாக நிரம்பும்: "தூம்பு", "ஜெனரேட்டர்", "கேள்விக்கு இடம்". ஒவ்வொரு தரப்புக்கும் கீழே ஒரு வரி இடம் விட்டிருப்பேன், ஏனென்றால் பெயர்ப் பட்டியல் மாறாத கருத்தரங்கே இல்லை. மூன்றாம் அமர்வுத் தலைவருக்கு உடல்நிலை சரியில்லாமல் வேறொருவர் தலைமை தாங்கியிருப்பார். முதல்வருக்கு அவசரக் கூட்டம், துணை முதல்வர் வந்திருப்பார். வருவதாக இருந்தவர் வாழ்த்துச் செய்தி மட்டும் அனுப்பியிருப்பார். அச்சிட்ட நிகழ்ச்சி நிரலைப் பார்த்து வாசிக்கும் நன்றியுரைகளில், வராதவருக்கு வந்ததாக நன்றி போய்விடுகிறது. வந்தவர் அவையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நாலு மணிக்கு, நிறைவு விழா தொடங்கும் முன், அந்தத் தாளை ஒருங்கிணைப்பாளரிடமும் அலுவலகக் கண்காணிப்பாளரிடமும் காட்டி "யாராவது விட்டிருக்கா?" என்று கேட்க வேண்டும். ஒருங்கிணைப்பாளருக்கு மேடை தெரியும், கண்காணிப்பாளருக்குக் கட்டடம் தெரியும். அரங்கத்தைத் திறந்துவிட்டவர், ஞாயிற்றுக்கிழமை வந்து தங்குமிடத்துக்குச் சாவி கொடுத்தவர் எல்லாம் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியவரும்.

அப்படியும் ஒரு பெயர் விட்டுப்போய், பேசி முடித்து உட்காரப் போகும்போது யாராவது துண்டுச்சீட்டு கொண்டுவந்தால், திரும்ப மைக்கிடம் வந்து "மன்னிக்கவும், ஒரு பெயர் விட்டுவிட்டது" என்று தொடங்க வேண்டாம். அவர் மறக்கப்பட்டார் என்பதைத்தான் அது அறிவிக்கும். நேரடியாக "நிறைவாக, தங்குமிட ஏற்பாடுகளைச் செய்த விடுதிக் காப்பாளர் அவர்களுக்கு நன்றி" என்று சொன்னால் அது வரிசையின் கடைசி இடமாகவே கேட்கும்.

நேரக் கணக்கும் உண்டு. மேடையில் நிதானமாகப் பேசினால் எனக்கு நிமிடத்துக்கு எண்பது தொண்ணூறு சொற்கள் வருகின்றன. அப்படியானால் நாலு நிமிட உரை என்பது முந்நூற்றைம்பது சொல்தான். அதில் பாதி விருந்தினர்களுக்கும் கட்டுரையாளர்களுக்கும், மீதியில் பாதி பணியாளர்களுக்கும் மாணவர்களுக்கும், எஞ்சியது நிர்வாகத்துக்கும் துறைக்கும் அவைக்கும் என்று பிரிப்பேன். குறளோடு தொடங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில் பத்துக் குறள் இருந்தாலும் மேடைகளில் ஒலிப்பது திரும்பத் திரும்ப இரண்டுதான். காலையில் வரவேற்புரையில் ஒருவர், தலைமையுரையில் ஒருவர் என்று குறள் சொல்லி முடித்திருப்பார்கள். அந்த இருபது நொடியை வண்டி ஓட்டியவருக்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். நடந்த உரைகளைச் சுருக்கிச் சொல்வதும் வேண்டாம், அது நிறைவுரையாளர் செய்த வேலை.

பயணப்படிப் படிவத்தை எங்கே கொடுப்பது, சான்றிதழில் பிழை இருந்தால் யாரைப் பார்ப்பது போன்ற அறிவிப்புகளை நன்றியுரைக்கு நடுவில் செருகச் சொல்லிச் சீட்டு வரும். அதைத் தொகுப்பாளரிடம் கொடுத்து, நன்றியுரைக்கு முன்பே சொல்லவைத்துவிட வேண்டும். நன்றியுரைக்குப் பின் நாட்டுப்பண் ஒன்றுதான். காலையில் தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கிய விழா மாலையில் நாட்டுப்பண்ணில் முடிகிறது. எனவே கடைசி நன்றி அவைக்குச் சொன்னதும் "வணக்கம்" என்று ஒரு சொல்லில் நிறுத்திவிட்டு, தொகுப்பாளரைப் பார்த்து ஒரு தலையசைப்பு. எல்லாரும் எழுந்து நிற்கும்படி அவர் சொல்வார். மேடையை விட்டு இறங்க நேரம் இருக்காது. மைக்குக்குப் பக்கத்திலேயே ஓரடி தள்ளி நின்றுகொள்ள வேண்டும், தாளைக் கீழே வைத்துவிட்டு.